விலைக்குள் இருக்கும் ஜிஎஸ்டியைப் பிரித்தெடுப்பது எப்படி? புதிதாகக் கடை வைத்தவர்களுக்கு

பாத்திரமும் மிக்ஸி, ஃபேனும் விற்கும் சின்னக் கடை என்னுடையது. ஜிஎஸ்டி பதிவு எடுத்த முதல் மூன்று மாதம் கையால்தான் பில் எழுதினேன். வரி உட்பட விலை 1,180 ரூபாய், வரி 18 சதவீதம் என்றால், 1,180-க்கு 18 சதவீதம் போட்டு 212 ரூபாய் 40 காசு வரி என்று எழுதிவிடுவேன். மீதி 967 ரூபாய் 60 காசு பொருளின் விலை. பார்ப்பதற்குச் சரியாகத்தான் இருந்தது.

மூன்றாம் மாதக் கணக்கைப் பார்த்த ஆடிட்டர்தான் பிடித்தார். 967.60-க்கு 18 சதவீதம் போட்டுப் பாருங்கள் என்றார். 174 ரூபாய் 17 காசு வந்தது. 212.40 எங்கே, 174.17 எங்கே! உண்மையில் அந்த 1,180-க்குள் இருந்த வரி 180 ரூபாய். ஒவ்வொரு 1,180 ரூபாய்க்கும் 32 ரூபாய் 40 காசு என் கையிலிருந்து கூடுதலாகப் போயிருக்கிறது. ஒரு மாதம் 18 சதவீதப் பொருள்கள் மட்டும் 2,36,000 ரூபாய்க்கு விற்றிருந்தேன். அதில் வரி 36,000 ரூபாய். நான் கட்டியது 42,480. அந்த ஒரு மாதத்தில் மட்டும் 6,480 ரூபாய் நஷ்டம்.

திரும்ப வாங்க முடியாதா என்று கேட்டேன். "பில்லில் வரி என்று போட்டு வாங்கின பணத்தை அரசுக்குக் கட்டித்தான் ஆக வேண்டும். கூடுதலாகப் போட்டதைச் சரிசெய்ய அந்தந்தப் பில்லுக்கு கிரெடிட் நோட் கொடுக்க வேண்டும்" என்றார். பெயர், முகவரி எழுதாமல் ரொக்கத்துக்கு வாங்கிப் போனவர்களை எங்கே தேடுவது? விட்டுவிட்டேன். நீங்கள் அந்த இடத்துக்குப் போகாமல் இருக்க, நான் இப்போது செய்கிற முறையை அப்படியே தருகிறேன்.

1. முதலில் உங்கள் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்

இந்தக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. நீங்கள் சாதாரண ஜிஎஸ்டி பதிவில் இருந்தால்தான் விலைக்குள் இருக்கும் வரியைப் பிரித்துக் காட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவே கூடாது. பில்லில் வரி என்று எதுவும் வரக் கூடாது. பில் ஆஃப் சப்ளை மட்டும் கொடுத்துவிட்டு, வியாபாரிகள் விற்பனையில் 1 சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். பதிவே இல்லாதவர்களும் வரி என்று எதையும் வாங்கக் கூடாது. சான்றிதழில் எந்த வகைப் பதிவு என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

2. ஒவ்வொரு பொருளுக்கும் வரி விகிதத்தை எழுதி வையுங்கள்

கொள்முதல் பில்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வியாபாரி கொடுத்த பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண்ணும் வரி விகிதமும் இருக்கும். அதைப் பார்த்து ஒரு நோட்டில் பொருள், எச்எஸ்என், விகிதம் என்று மூன்று பத்தியாக எழுதிவிடுங்கள். என் கடைக்கு இது ஒரு மாலை வேலை. செலவு ஒன்றும் இல்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களின் விகிதம் மாறிவிட்டது. அதுவரை இருந்த 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5-க்கும் 18-க்கும் வந்துவிட்டன. எவர்சில்வர் பாத்திரம் 12-லிருந்து 5-க்கு வந்தது. மிக்ஸி முன்பும் 18, இப்போதும் 18. ஆகவே அந்தத் தேதிக்கு முந்தைய கொள்முதல் பில்லைப் பார்த்து விகிதம் எழுதாதீர்கள். சரக்கை எப்போது வாங்கினீர்கள், அதில் எந்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் கணக்கில்லை. விற்கும் நாளில் என்ன விகிதமோ அதுதான் உங்கள் பில்லுக்கு. 12 சதவீதம் கட்டி வாங்கிய பழைய குடம் இன்றும் அலமாரியில் இருந்தால், இன்று விற்கும்போது 5 சதவீதம்தான்.

3. கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

சூத்திரத்தை மனப்பாடம் செய்வதற்கு முன்பு இதை ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். 18 சதவீத வரி என்றால், வரிக்கு முந்தைய விலையை 100 பங்கு என்று வைத்தால் வரி 18 பங்கு. இரண்டும் சேர்ந்த 118 பங்குதான் உங்கள் கல்லாவுக்கு வருகிற பணம். கையில் இருப்பது 118 பங்கு, அதில் 18 பங்கு வரி. நான் செய்த தவறு, கையில் இருப்பதையே 100 பங்கு என்று நினைத்து அதில் 18-ஐ எடுத்தது.

ஆகவே விலையை 118 ஆல் வகுத்தால் ஒரு பங்கு கிடைக்கும். அதை 100 ஆல் பெருக்கினால் பொருளின் விலை, 18 ஆல் பெருக்கினால் வரி.

```
வரிக்கு முந்தைய விலை = விலை × 100 ÷ (100 + விகிதம்)
வரி = விலை × விகிதம் ÷ (100 + விகிதம்)
```

சிஜிஎஸ்டி விதிகளில் 35-ஆம் விதி சொல்வதும் இதுதான். விலைக்குள் வரி அடங்கியிருந்தால் வரியை இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கால்குலேட்டரில் இன்னும் சுலபம். 18 சதவீதம் என்றால் விலையை 1.18 ஆல் வகுக்கவும். 5 சதவீதம் என்றால் 1.05 ஆல். வருவது பொருளின் விலை. விலையிலிருந்து அதைக் கழித்தால் மீதி வரி. 5 சதவீதப் பொருளுக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு: விலையை 21 ஆல் வகுத்தால் நேராக வரி வந்துவிடும். 105-இல் 5 என்பது 21-இல் ஒன்றுதானே. 525 ரூபாய் தூக்குவாளியில் வரி 25 ரூபாய்.

கால்குலேட்டரில் சதவீதப் பொத்தானைத் தொடாதீர்கள். ஃபோனில் 1180 − 18% என்று அழுத்தினால் 967.60 வரும். நான் விழுந்த குழி அதுதான். ஜிஎஸ்டி பொத்தான் வைத்த மேசைக் கால்குலேட்டர் வைத்திருந்தால், அதில் பதிந்திருக்கும் விகிதங்களைச் சரிபார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். 2025 செப்டம்பருக்கு முன்பு வாங்கியதில் 12-ம் 28-ம் அப்படியே உட்கார்ந்திருக்கலாம்.

4. எந்த விலையிலிருந்து பின்னோக்கிப் போவது?

பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி. எல்லா வரிகளும் உட்பட்டது. ஆனால் நீங்கள் எம்.ஆர்.பி.க்கே விற்கப் போவதில்லை. வாடிக்கையாளர் பேரம் பேசி என்ன கொடுக்கிறாரோ அதிலிருந்துதான் கணக்கு தொடங்க வேண்டும்.

எம்.ஆர்.பி. 1,180 போட்ட ஃபேனை 1,100-க்குக் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1,100-ஐ 1.18 ஆல் வகுத்தால் 932.20. வரி 167.80. அதில் மத்திய அரசின் பாதியான சிஜிஎஸ்டி 83.90, மாநில அரசின் பாதியான எஸ்ஜிஎஸ்டி 83.90. எம்.ஆர்.பி.யைப் பார்த்து 180 ரூபாய் வரி என்று எழுதினால் 12 ரூபாய் 20 காசு வீணாகக் கட்டுவீர்கள். விற்கும்போதே கொடுத்து, பில்லில் காட்டும் தள்ளுபடிக்கு வரி கிடையாது. ஆகவே தள்ளுபடி போக வாங்கும் தொகையையே பில்லில் மொத்தமாக வைத்து, அதைப் பிரியுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறையும் சில கடைகளில் பார்க்கிறேன். எம்.ஆர்.பி.க்கு மேல் ஜிஎஸ்டி தனி என்று கேட்பது. அது கூடவே கூடாது. எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் எடையளவுச் சட்டப்படி குற்றம்.

5. ஒரு பில்லில் இரண்டு விகிதம் வந்தால்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஒரு நிஜமான பில்லை எடுத்துக்கொள்வோம். மிக்ஸி 4,250 ரூபாய், எவர்சில்வர் குடம் 780 ரூபாய். மொத்தம் 5,030. அவசரத்தில் மொத்தத்தையும் 1.18 ஆல் வகுத்தால் வரி 767.29 என்று வரும். தவறு. குடத்துக்கு 5 சதவீதம்தான். ஒவ்வொரு பொருளையும் அதன் விகிதத்தில் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும்.

மிக்ஸி: 4,250 ÷ 1.18 = 3,601.69. இதற்கு சிஜிஎஸ்டி 9 சதவீதம் 324.15. எஸ்ஜிஎஸ்டியும் 324.15.

குடம்: 780 ÷ 1.05 = 742.86. சிஜிஎஸ்டி 2.5 சதவீதம் 18.57. எஸ்ஜிஎஸ்டியும் 18.57.

மொத்த வரி 685.44. முன்பு வந்த 767.29-க்கும் இதற்கும் 81 ரூபாய் 85 காசு வித்தியாசம். ஒரே ஒரு பில்லில்.

ஆனால் இரண்டையும் சேர்த்து "மிக்ஸியும் குடமும் 4,999" என்று ஒரே விலையில் ஆஃபர் போட்டால் கதை மாறிவிடும். தனித்தனியாக விற்கக்கூடிய, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பொருள்களை ஒரே விலைக்குச் சேர்த்துக் கொடுத்தால், அதில் எதற்கு விகிதம் அதிகமோ அதுவே மொத்தத்துக்கும். 4,999 முழுவதும் 18 சதவீதம். பண்டிகைக்கு காம்போ போடும் முன்பு இதை யோசியுங்கள். இரண்டு பொருளுக்கும் தனித்தனி விலை எழுதி, தனித்தனியாகத் தள்ளுபடி கொடுப்பதே நல்லது.

6. ஒரு காசு இடிக்கும்போது

மேலே உள்ள மிக்ஸிக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். 3,601.69 + 324.15 + 324.15 = 4,249.99. ஒரு காசு குறைகிறது. முதல் தடவை இதைப் பார்த்தபோது அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். தவறு எங்கேயும் இல்லை. காசில் முடியாத தொகையை முழுமையாக்கும்போது ஏற்படும் இயல்பான வித்தியாசம் இது.

சரி, என்ன செய்வது? வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதலில் பொருளின் விலையை இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கவும். அந்த முழுமையாக்கிய தொகைக்கு சிஜிஎஸ்டி போட்டு அதையும் இரண்டு இடத்துக்கு முழுமையாக்கவும். எஸ்ஜிஎஸ்டியும் அதே தொகை. கடைசியில் இடிக்கும் காசை "ரவுண்ட் ஆஃப்" என்று தனி வரியில் எழுதவும். இந்த மிக்ஸிக்கு ரவுண்ட் ஆஃப் 0.01.

மொத்த வரியைக் கண்டுபிடித்து இரண்டாகப் பிரிக்கலாமே என்று தோன்றும். 999 ரூபாய்ப் பொருளில் அதைச் செய்து பாருங்கள். வரி 152.39 வரும். அதில் பாதி 76.195. ஒன்றில் 76.19, இன்னொன்றில் 76.20 என்று எழுத நேரிடும். இரண்டும் சமமாக இருக்க வேண்டியவை. நான் சொன்ன வரிசையில் செய்தால் விலை 846.61, சிஜிஎஸ்டி 76.19, எஸ்ஜிஎஸ்டி 76.19, ரவுண்ட் ஆஃப் 0.01, மொத்தம் 999. யாரும் கேள்வி கேட்க இடமில்லை.

கம்ப்யூட்டர் ஷீட்டில் போடுவதென்றால், A2-இல் விற்ற விலை, B2-இல் விகிதம் எழுதிவிட்டு இவற்றை வரிசையாக C2, D2, E2, F2-இல் போடுங்கள்:

```
=ROUND(A2*100/(100+B2),2)
=ROUND(C2*B2/200,2)
=D2
=ROUND(A2-C2-D2-E2,2)
```

C2 பொருளின் விலை. D2, E2 இரண்டு வரிகள். F2 ரவுண்ட் ஆஃப். F2-இல் ஒன்றிரண்டு காசுக்கு மேல் வந்தால் எங்கோ தவறு, சூத்திரங்களைச் சரியாகப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

7. துணிக்கடைக்காரர்களுக்கு மட்டும் ஒரு பள்ளம்

என் தங்கை வீட்டுக்காரர் ரெடிமேட் கடை வைத்திருக்கிறார். அவருக்காக உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் இது தெரிந்தது. ரெடிமேட் ஆடையில் ஒரு உருப்படியின் விலை 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. இந்த 2,500 என்பது வரிக்கு முந்தைய விலை. ஆனால் உங்கள் கையில் இருப்பது வரி உட்பட விலை. விகிதம் தெரிந்தால்தான் முந்தைய விலை தெரியும், முந்தைய விலை தெரிந்தால்தான் விகிதம் தெரியும்.

வழி இருக்கிறது. முதலில் 1.05 ஆல் வகுத்துப் பாருங்கள். 2,500-ஐத் தாண்டவில்லை என்றால் 5 சதவீதம் சரி. 2,600 ரூபாய்ச் சுடிதார் செட்டை 1.05 ஆல் வகுத்தால் 2,476.19, ஆகவே 5 சதவீதம். தாண்டினால் 1.18 ஆல் வகுங்கள். 2,999 ரூபாய்க்கு 2,541.53 வரும். 2,500-க்கு மேல் இருப்பதால் 18 சதவீதம்.

இப்போது 2,800 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1.05 ஆல் வகுத்தால் 2,666.67, ஆகவே 5 பொருந்தாது. 1.18 ஆல் வகுத்தால் 2,372.88, ஆகவே 18-ம் பொருந்தாது! 2,625 ரூபாய்க்கு மேல், 2,950 ரூபாய் வரை எந்த விலையை எடுத்தாலும் இப்படித்தான் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அந்த இடைவெளியில் விலையே வைக்காதீர்கள். 2,999-க்குப் பத்து சதவீதம் தள்ளுபடி என்று போர்டு வைத்தால் 2,699 ரூபாய் 10 காசு வரும், நேராக அந்தப் பள்ளத்தில் போய் விழும். 2,625 ஆக்கிவிட்டால் முந்தைய விலை சரியாக 2,500, வரி 125. வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சி. கடைக்காரருக்கும் கெட்டுப்போகவில்லை: 2,699-ஐ 18 சதவீதமாகப் பிரித்தால் அவர் கையில் நிற்பது 2,287 ரூபாய் சொச்சம்தான்.

8. பில் மென்பொருளை நம்புவதற்கு முன்பு

எந்த பில் மென்பொருளிலும் விலை வரி உட்பட்டதா, வரி நீங்கலாகவா என்று கேட்கும் ஒரு அமைப்பு இருக்கும். பொருளைப் பதியும்போதே அதைக் கவனியுங்கள். சரிபார்க்க ஒரு சுலபமான சோதனை: 18 சதவீதத்தில் "சோதனை" என்று ஒரு பொருளை 1,180 ரூபாய்க்குப் பதிந்து ஒரு பில் போட்டுப் பாருங்கள். மொத்தம் 1,180, வரி 180 என்று வந்தால் சரி. மொத்தம் 1,392.40 என்று வந்தால் வரியை மேலே கூட்டுகிறது. வரி 212.40 என்று வந்தால் நான் செய்த தவறையே அதுவும் செய்கிறது. பார்த்து முடித்ததும் அந்தப் பில்லை ரத்து செய்ய மறக்காதீர்கள்.

9. நாள் முடிவில்

200 ரூபாய்க்குக் குறைவான சில்லறை விற்பனைக்கு, வாங்குபவர் பதிவில்லாதவராக இருந்து பில் கேட்கவும் இல்லை என்றால், தனித்தனிப் பில் தேவையில்லை. நாள் முடிவில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பில் போட்டால் போதும். அதற்கு நான் கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கம் 5, வலது பக்கம் 18. எவர்சில்வர் டம்ளர் விற்றால் இடது பக்கம், பல்பு விற்றால் வலது பக்கம் வாங்கிய தொகையை எழுதுவேன். கடை மூடும்போது ஒவ்வொரு பக்கத்தையும் கூட்டி ஒரே ஒரு தடவை பிரித்தால் வேலை முடிந்தது. இடது பக்கம் 1,470 என்றால் 21 ஆல் வகுத்து 70 ரூபாய் வரி, 1,400 விற்பனை. ஐந்து நிமிட வேலை. இரண்டு விகிதத்தையும் ஒரே பக்கத்தில் எழுதினால் மட்டும் இரவில் பிரிக்கவே முடியாது, கல்லாப் பணத்தைப் பார்த்து எது டம்ளர், எது பல்பு என்று சொல்ல முடியாதல்லவா?

மாதா மாதம் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரத்தைத் தரும் ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள். வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 20-ஆம் தேதிக்குள். தாமதமானால் வரி உள்ள மாதத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதக் கட்டணம். வரியைக் குறைவாகக் கட்டியிருந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. நான் மாதம் முடிந்ததும் 3-ஆம் தேதிக்குள் இரண்டு விகிதத்தின் மொத்த விற்பனையையும் எடுத்து, பில்களில் எழுதிய வரியின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். 18 சதவீதப் பக்கத்தில் 2,36,000 விற்றிருந்தால் பில்களில் வரி 36,000-ஐ ஒட்டி இருக்க வேண்டும். சில ரூபாய் முன்பின் இருந்தால் அது காசு இடித்தது. நூற்றுக்கணக்கில் இருந்தால் ஏதோ ஒரு பில்லில் விகிதம் மாறியிருக்கிறது. 11-ஆம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும், தேடிப் பிடித்துவிடலாம்.